திட்டம் முடிந்தபின் பார்க்கும் அளவுக்கு என்ன சொல்? பின்பயன் காட்டி / எஞ்சுபயன் சுட்டி

செல்வி, கோத்தகிரி

வணக்கம். எங்கள் பக்கம் ஓர் ஊற்றுச் சீரமைப்பு வேலை மார்ச்சோடு முடிகிறது. மேல்சரிவில் வாட்டில் எனப்படும் சீகை மரங்களை வெட்டி எடுத்தார்கள், மழைநீர் இறங்கக் குழி தோண்டினார்கள், ஊற்றுவாயில் கல் கட்டிக் குழாய் வைத்தார்கள். ஏப்ரலில் பணியாளர்கள் ஆளுக்கு ஒரு திசை. நிறைவு அறிக்கையைத் தமிழில் எழுதுவது என் வேலை. அதில் ‘பெனிஃபிட்ஸ் ரியலைசேஷன் இண்டிகேட்டர்’ என்று ஒரு பகுதி வருகிறது. ‘வெற்றிக் குறியீடு’ என்று போட்டுச் சுற்றுக்கு விட்டேன். எல்லோரும் எத்தனை குழி தோண்டினோம் என்ற கணக்கை அங்கே நிரப்பித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு நல்ல சொல் சொல்லுங்கள்.

கார்த்திக், கோவை

‘செயல்திறன் சுட்டி’ போதுமே அக்கா. எங்கள் அலுவலகத்தில் கேபிஐ எல்லாவற்றுக்கும் அதுதான். குழாயில் ஒரு நீரளவுமானி மாட்டிவிட்டால் ஆள் போனாலும் கணக்குத் தானாக ஓடும்.

போஜன், கோத்தகிரி

கார்த்திக் தம்பி சொல்வதில் பாதி சரி. யாரும் மெனக்கெடாமல் தானாகச் சேரும் கணக்குதான் திட்டம் முடிந்தபின் உயிரோடு இருக்கும். ஆனால் மானி மாட்டினால் மட்டும் ஆகாது. அதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும், குறைந்தால் யாரிடம் சொல்வது என்று தெரிய வேண்டும். பழுதானால் மாற்றக் காசும் வேண்டும். செயல்திறன் என்ற சொல்லும் வேலை நடக்கும்போது வேலை செய்பவரை அளப்பது. இங்கே கேள்வி, வேலை செய்தவர் போனபிறகு ஊருக்கு என்ன கிடைத்தது என்பது.

செல்வியின் ஊற்றையே எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. வேலை தொடங்குமுன் மார்ச் மாதத்தில் 10 லிட்டர் வாளி நிறைய 75 நொடி, அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர். வேலை முடிந்து அடுத்த மார்ச்சில் 50 நொடி, நிமிடத்துக்கு 12 லிட்டர். ஒன்றரை மடங்கு என்று அறிக்கையில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்தால்? அதற்காகத்தான் யாரும் கை வைக்காத பக்கத்து ஊற்றையும் அதே இரண்டு மார்ச்சிலும் அளக்க வேண்டும். அது 10 லிட்டரிலிருந்து 12 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் மழையே ஐந்தில் ஒரு பங்கு கூட்டியிருக்கிறது. நம் ஊற்றும் மழையால் மட்டும் 9.6 ஆகியிருக்கும். மீதி 2.4 லிட்டர்தான் வேலையின் பங்கு. நாளுக்கு ஏறக்குறைய 3,450 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு 55 லிட்டர் என்கிறது, அந்தக் கணக்கில் 60 பேருக்குச் சற்று மேல். இரவில் வழிந்து ஓடும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும்.

அளக்கும் மாதம் மாறினால் எல்லாம் பொய். முதல் அளவை வறண்ட மார்ச்சில் எடுத்து, நிறைவு அளவை நவம்பரில் எடுத்தால் எந்த ஊற்றும் ‘வெற்றி’தான். இப்படிப்பட்ட அறிக்கையைக் கண்டுபிடிக்க எண்ணைப் பார்க்க வேண்டாம், இரண்டு தேதிகளைப் பாருங்கள்.

சொல்லுக்கு வருகிறேன்: ‘பின்பயன் காட்டி’. பின்னால் தெரியும் பயனைக் காட்டுவது.

ஜெயபால், கொடைக்கானல்

இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறதே, ‘பராமரிப்புப் பொறுப்புக் காலம்’. எங்கள் தெருவுக்குச் சாலை போட்ட ஒப்பந்தக்காரர் பொறுப்புக் காலம் முடிந்த மறுவாரமே போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். முதல் மழையிலேயே ஓரம் பெயர்ந்து, ஜீப் ஏற முடியவில்லை. கையெழுத்துப் போடும்போதே வைப்புத்தொகையைப் பிடித்துவைக்க வேண்டும்.

போஜன், கோத்தகிரி

ஜெயபால் அண்ணா, அது கட்டியது நிற்கிறதா என்ற கேள்வி. கல்சுவர் ஒரு விரிசல் இல்லாமல் நிற்கும், குழாயில் தண்ணீர் வராது. அப்போது ஒப்பந்தக்காரர் மேல் குற்றமே இல்லை, பயனும் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது.

மீனாட்சி, உதகை

‘பின்பயன்’ எனக்குச் சற்று இடறுகிறது. பிறகு பயன்படுத்துவது என்று படிக்க இடம் உண்டு. பழைய பொருளை வேறு வேலைக்கு எடுப்பதைக்கூட அப்படிச் சொல்லிவிடுவார்கள். ‘எஞ்சுபயன்’ எப்படி? எல்லோரும் போனபின் எஞ்சி நிற்பது. ‘காட்டி’யும் வேண்டாம், கடிகாரம் போல ஒரு கருவி நினைவுக்கு வருகிறது. ‘சுட்டி’ சுருக்கமாக இருக்கும். நாற்பது வருடம் வகுப்பில் நின்ற காது, தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

கார்த்திக், கோவை

சுட்டி என்றால் எங்கள் பக்கம் இணையத் தொடுப்பு டீச்சர். கொஞ்ச நாள் முன்புவரை மவுஸும் அதுதான். நான் முதலில் சொன்னதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் :)

செல்வி, கோத்தகிரி

எஞ்சுபயனைக் கணக்கர் ஒருவரிடம் காட்டினேன். தேய்மானம் போக மிஞ்சும் மதிப்பா என்று கேட்டார். மிஞ்சியது, தேய்ந்தது என்ற நினைப்பு வருகிறது. ஆனால் இங்கே பயன் திட்டம் முடிந்தபின்தான் கூடத் தொடங்குகிறது.

போஜன் அண்ணா, ஒரு சந்தேகம். அடுத்த மார்ச்வரை காத்திருந்து வாளி வைத்துப் பார்த்தால், கெட்டுப்போனது அப்போதுதானே தெரியும்?

போஜன், கோத்தகிரி

அதனால்தான் முன்கூட்டியே சொல்லும் காட்டி ஒன்றும் வேண்டும். சீகையை வெட்டினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். மண்ணுக்குள் பல வருட விதை கிடக்கும். வெயில் பட்டதும் அடர்ந்து முளைக்கும். வடகிழக்கு மழை முடிந்ததும், பத்தடிக்குப் பத்தடி குச்சி நட்டு வைத்த இடத்தில் எத்தனை நாற்று என்று எண்ணினால் போதும். சென்ற தடவையைவிடக் கூடியிருந்தால் களை எடுக்க ஆள் விட வேண்டும். வாளி இதைச் சொல்லாது, சொல்லும்போது நாற்று ஆள் உயரம் ஆகியிருக்கும்.

மூன்றாவதாக நான் வைப்பது பஞ்சாயத்தின் தண்ணீர் லாரிக் கணக்கு. பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை எத்தனை நடை வந்தது என்பது. லாரிக்குக் காசு கொடுப்பதால் ரசீது எப்படியும் இருக்கும், யாரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஊற்று கூடியும் லாரி குறையவில்லை என்றால் தண்ணீர் வேறெங்கோ போகிறது. மேலே யாராவது கேரட் தோட்டத்துக்கு மோட்டார் வைத்தார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். வாளியில் அளவு திடீரென்று இறங்கினாலும் முதலில் ஊற்றைக் குறை சொல்லாதீர்கள், குழாய்க்கு வெளியே கல் இடுக்கில் ஒழுகுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு வந்தால் வெற்றி என்பதை இந்த மார்ச்சிலேயே, அணி கலையுமுன் எழுதிவிட வேண்டும். அளந்து பார்த்துவிட்டு இலக்கு வைத்தால் எல்லாமே இலக்கைத் தொட்டுவிடும்.

மீனாட்சி, உதகை

சரி, எஞ்சுபயனை விட்டுவிடுகிறேன். ‘பின்பயன்’ இருக்கட்டும். ஆனால் காட்டி வேண்டாம், ‘குறிகாட்டி’ என்று போடுங்கள். இலங்கையில் அப்படித்தான் எழுதுகிறார்கள், கருவியோடு குழப்பமும் வராது. அளப்பவரை என்னவென்று சொல்வது? ‘பயனாளி’ என்று எழுதினால் குடம் பிடிப்பவர் ஆகிவிடுவாரே.

செல்வி, கோத்தகிரி

‘பயன் பொறுப்பாளர்’ என்று எழுதியிருக்கிறேன் அம்மா. தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டேன். வாளி பிடிப்பதில் ஒன்றுமில்லை, ஆனால் நாற்று எண்ண மேலே ஏற முடியாது, காட்டெருமை நிற்கிறது என்றார். நியாயம்தான். நாற்று எண்ணும் வேலையை மகளிர் குழுவிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. ஆபரேட்டர் மாறினால் என்ன செய்வது?

போஜன், கோத்தகிரி

படிவத்தில் ஆள் பெயர் வேண்டாம், பதவியைப் போடுங்கள். வாளி எது, எந்த இடத்தில் பிடிப்பது, காலையில் யாரும் தண்ணீர் எடுக்குமுன் மூன்று முறை பிடித்துச் சராசரி எடுப்பது, எல்லாம் அதே தாளில் இருக்கட்டும். பக்கத்து ஊற்றை அளக்க அந்த ஊர்க்காரரிடம் இன்றே பேசிவிடுங்கள், அங்கே முதல் அளவு இந்த மார்ச்சில் விட்டுப்போனால் பிறகு கிடைக்காது.

காட்டியா குறிகாட்டியா என்பதில் எனக்கு இன்னும் காட்டிதான். கடிகார முள் நினைவுக்கு வந்தால் வரட்டுமே, அதுவும் யாராவது பார்த்தால்தானே நேரம் சொல்லும்.

ஜெயபால், கொடைக்கானல்

எல்லாம் சரி, அந்த வைப்புத்தொகையில் கொஞ்சம் பிடித்து ஆபரேட்டருக்கு அளக்கும் கூலியாகக் கொடுக்க முடியாதா? கேட்டுச் சொல்லுங்கள்.