கடற்புல்லை அதிகம் கெடுப்பது விசைப்படகா, நாட்டுப்படகா?

கிருஷ்ணகிரி மீன்கடை: மண்டபம், தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் ஓரா மீனும் நீலக்கால் நண்டும் முன்ன மாதிரி இல்லை. கடற்புல் அழிவதுதான் காரணம் என்கிறார்கள். விசைப்படகின் இழுவை மடி வலையை நிறுத்தினால் போதாதா?

அலைவாய்: போதும். கணக்கு பாருங்க. மடி 10 மீட்டர் விரியும், படகு மணிக்கு 4 கி.மீ. போகும். ஒரு மணி நேரத்தில் 40,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 10 ஏக்கர். நாட்டுப்படகு எஞ்சினின் சுழலும் காத்தாடி 100 மீட்டருக்கு ஒரு அடி அகலத்தில் கீறினாலும் 30 சதுர மீட்டர்தான்.

வேர்த்தண்டு: பரப்பு சரி, ஆழத்தை விட்டுட்டீங்க. மடி போன இடமெல்லாம் புல் வேரோடு வருவதில்லை. மடியின் இரு பக்கப் பலகையும் அடிச்சங்கிலியும் உழும் பட்டையில்தான் மண்ணுக்குள் படரும் வேர்த்தண்டு பெயரும், மற்ற இடத்தில் இலை மட்டும் கிழியலாம். காத்தாடி முழங்கால் தண்ணியில் வேர்த்தண்டையே அறுத்துப் பள்ளம் போடும். நீரோட்டம் அதன் ஓரத்தை அரித்துக்கொண்டே போகும். புல் சேமிக்கும் கரிமம் பெரும்பாலும் இலையில் இல்லை, காற்றுப் புகாத வேரடிச் சேற்றில்தான் இருக்கு.

கே.ஆர்.பி. டேம்: எங்க அணையில் ஆகாயத்தாமரையை வாரினாத்தான் மீன் பிழைக்குது. நீங்க களையைக் காப்பாத்தச் சொல்றீங்களே?

வேர்த்தண்டு: அண்ணே, அது மேலே மிதந்து வெளிச்சத்தை மறைக்கும். இது அடியில் வேர்விட்டு நிற்கும், பூக்கவும் செய்யும். இறால் குஞ்சும் ஓராக் குஞ்சும் பெரிய மீனுக்குத் தப்பி ஒளிவது அந்த இலைக்குள்ளேதான்.

அலைவாய்: சரி, ஆனால் தமிழ்நாட்டில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருக்கே. அதுக்குள்ள புல் தேறிடும்.

வேர்த்தண்டு: சின்ன இலை வகை சில மாதத்தில் பரவிடும். அகல இலை வகையின் தண்டு மெதுவாக நகரும். புளோரிடாவில் அதன் உறவு வகையில் விழுந்த காத்தாடித் தழும்பு மூட பல வருடம் ஆனது. பள்ளம் நிரம்பாமல் அங்கே நட்டாலும் நிற்காது. அதனால் ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றிப் போகணும். தரை தட்டினால் முடுக்கி வெளியேறக் கூடாது, பெரிய குழி அப்போதுதான் விழும்.

கிருஷ்ணகிரி மீன்கடை: கரையை ஒட்டிச் சட்டம் போட்ட எல்லைக்கோட்டுக்குள் விசைப்படகு வந்து மீன்பிடிக்கக் கூடாதே?

அலைவாய்: சட்டம் 1983-லிருந்தே இருக்கு. பாக் விரிகுடா ஆழம் குறைவு, அந்த எல்லைக்கோட்டைத் தாண்டியும் புல் உண்டு. வலையில் வருவதைக் கவனிக்கச் சொல்லுங்க: வெறும் இலை என்றால் தானா உதிர்ந்ததாகவும் இருக்கலாம். கணுவும் வேரும் ஒட்டிய தண்டு வந்தால் தரை பெயருது.

வேர்த்தண்டு: அதை ஒத்துக்கறேன். ஆனால் கிளறிய சேற்றில் எவ்வளவு கரிமம் காற்றுக்குப் போகுது, எவ்வளவு திரும்பப் படியுது என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகலை. உங்க 10 ஏக்கரை அப்படியே கரிம இழப்பாக எழுதாதீங்க.

அலைவாய்: எழுதலை. மீன்குஞ்சுக்கு ஒளிய இடம் போனதைத்தான் சொன்னேன், அதுக்கு 10 ஏக்கர் 10 ஏக்கர்தான்.