மகளுக்கு 18 வயது நிறைந்துவிட்டது: சிறார் கணக்கை மாற்றக் கொடுத்த கடிதத்தை வங்கி திருப்பிவிட்டது

கேட்பவர்: மணப்பாறை அம்மா

என் மகளுக்கு 2025 ஆகஸ்ட் 3 அன்று 18 வயது நிறைந்தது. ஆறு வயதில் அவள் பெயரில் தொடங்கிய சேமிப்புக் கணக்கு. பாஸ்புக்கில் இன்னும் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடைப் படம்தான் இருக்கிறது. காப்பாளர் அவள் அப்பா, குவைத்தில் ஓட்டுநராக இருக்கிறார். கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இந்தக் கணக்கு எண்ணையே கொடுத்திருக்கிறோம். இப்போது பணம் வரவாகிறது, எடுக்க முடியவில்லை.

"என் மகளின் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றித் தரவும்" என்று அவர் எழுதி அனுப்பிய கடிதத்தைக் கொண்டுபோனேன். "இது செல்லாது" என்று மட்டும் சொல்லித் திருப்பிவிட்டார்கள். கடிதத்தில் என்ன தவறு?

கரூர் வாசகர்

18 ஆனதும் கணக்கு தானாகவே மாறிவிடும், கடிதமே தேவையில்லை. இல்லாவிட்டால் பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், ஒரே நாளில் முடியும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி

கரூர் நண்பர் சொன்னதில் பாதி சரி. பிறந்தநாள் விடியும்போதே காப்பாளரின் உரிமை தானாக முடிந்துவிடுகிறது. ஆனால் மகளின் உரிமை தானாகத் தொடங்குவதில்லை. அவளுடைய கையொப்பம் வங்கியிடம் கிடையாதே! அதனால்தான் பணம் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. கணக்கை மூடினால் எண் மாறும், திட்டத்துக்காகக் கல்லூரியில் மறுபடி அலைய வேண்டும். மூடாதீர்கள்.

அம்மா, கடிதத்தின் தவறு அதை எழுதியவர்தான். ஆகஸ்ட் 3-க்குப் பிறகு அந்தக் கணக்குக்காக விண்ணப்பிக்க அப்பாவுக்கு உரிமை இல்லை. மகளே எழுதிக் கையொப்பமிட வேண்டும். இப்படி எழுதச் சொல்லுங்கள்:

> பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
>
> பொருள்: சிறார் சேமிப்புக் கணக்கு எண் ……… பெரியவர் கணக்காக மாற்றக் கோருதல்
>
> ஐயா/அம்மையீர், மேற்கண்ட கணக்கு என் தந்தை திரு. ……… அவர்களைக் காப்பாளராகக் கொண்டு என் பெயரில் உள்ளது. எனக்கு 03.08.2025 அன்று 18 வயது நிறைவடைந்தது. இனி இக்கணக்கை நானே இயக்க அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். ……… தேதியில் கணக்கில் உள்ள இருப்பு ரூ. ……… சரியானது என உறுதிசெய்கிறேன். என் மாதிரிக் கையொப்பம், புதிய புகைப்படம், ஆதார், பான் நகல்களை இணைத்துள்ளேன். கைப்பேசி எண்ணை ……… என மாற்றவும்.
>
> இப்படிக்கு, (மகளின் கையொப்பம்)
>
> மேலே உள்ளது என் மகளின் கையொப்பமே எனச் சரிபார்க்கிறேன். (காப்பாளரின் கையொப்பம்)

இருப்பை உறுதிசெய்யும் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இதுவரை அப்பா நடத்திய கணக்கில் தனக்குத் தகராறு இல்லை என்று மகள் சொல்லும் இடம் அது. பாஸ்புக்கில் அன்றே வரவு பதிந்து, கடைசி வரியில் உள்ள தொகையை எழுதட்டும். கைப்பேசி எண்ணையும் மறக்க வேண்டாம். இல்லையென்றால் ரகசியக் குறியீட்டெண் எல்லாம் அப்பாவின் எண்ணுக்கே போகும்.

தஞ்சாவூர் அப்பா

என் மகளுக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு இருக்கிறது. அதற்கும் இந்தக் கடிதம் போதுமா?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி

அது வேறு திட்டம், ஐயா. 18 முடிந்ததும் அதையும் மகள்தான் இயக்க வேண்டும். ஆனால் படிவத்தை அஞ்சலகத்தில்தான் கேட்க வேண்டும்.

மணப்பாறை அம்மா

அவர் குவைத்தில் இருக்கும்போது சரிபார்ப்புக் கையொப்பத்துக்கு என்ன செய்வது? நான் போடலாமா?

கல்லூரி மாணவி, மதுரை

அம்மா, என் அனுபவம் ஒன்று. மாதிரிக் கையொப்ப அட்டையில் தமிழில் கையெழுத்துப் போட்டேன், கடிதத்தில் ஆங்கிலத்தில் போட்டேன். பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். உங்கள் மகளை வீட்டிலேயே ஒரு தாளில் பத்து முறை போட்டுப் பழகச் சொல்லுங்கள். சின்ன வயதில் எடுத்த பான் அட்டையில் படமும் கையெழுத்தும் இருக்காது, அதையும் திருத்த விண்ணப்பிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி

மாணவி சொன்னது முக்கியம். பான் இல்லையென்றால் அதற்கான உறுதிமொழிப் படிவம் கிளையிலேயே கிடைக்கும்.

அப்பாவின் கையொப்பத்தைப் பொறுத்தவரை, வங்கியில் காப்பாளராகப் பதிவானவர் அவர்தான். நீங்கள் போட்டால் ஏற்பார்களா என்பது மேலாளரின் முடிவு; நான் உறுதி சொல்ல முடியாது. மகள் கையொப்பமிட்ட கடிதத்தையும் அட்டையையும் கூரியரில் அனுப்பி, வங்கியில் உள்ள அதே கையொப்பத்தை அவர் போட்டு அனுப்புவதே பாதுகாப்பு. அனுப்புவதற்கு முன், தூதரகச் சான்று வேண்டுமா என்று மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

மணப்பாறை அம்மா

இன்று மகளையே அழைத்துப் போனேன். தூதரகச் சான்று வேண்டாம், அவர் கையொப்பம் பொருந்தினால் போதும் என்றார் மேலாளர். மகள் மாதிரி அட்டையின் மூன்று கட்டங்களிலும் ஒரே மாதிரி கையொப்பமிட்டாள். கூரியர் நாளை போகிறது. பழைய ஏடிஎம் அட்டை அப்படியே இயங்குமா, புதிதாகக் கேட்க வேண்டுமா? அதைக் கேட்க மறந்துவிட்டேன்.