மறு: "அதிர்வெண் வரம்பு" சரியா? பின்னாலேயே வரும் விளம்பரத்துக்குச் சொல் தேவை

வளர்மதி:

அனைவருக்கும் வணக்கம். சிறு கடைக்காரர்களுக்காக இணைய விளம்பரக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். நம் தளத்துக்கு வந்து எதுவும் வாங்காமல் போனவருக்கு, அவர் போகும் மற்ற தளங்களிலும் நம் விளம்பரத்தைக் காட்டுகிறோமே, அந்த ரீடார்கெட்டிங் ஒன்று. ஒரே ஆளுக்கு அதை எத்தனை தடவை காட்டலாம் என்று கட்டிவைக்கும் ஃப்ரீக்வென்சி கேப் இன்னொன்று. பழைய வரைவில் "மறு இலக்கிடல்", "அதிர்வெண் வரம்பு" என்று இருக்கின்றன. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் படித்தால் வானொலிப் பெட்டியைத் திருகுவதுபோல் இருக்கிறது.

சிவபாலன்:

ஃப்ரீக்வென்சிக்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த சொல் "மீடிறன்". பௌதிகவியலுக்கும் அதுதான், புள்ளிவிபரவியலுக்கும் அதுதான். "மீடிறன் எல்லை" என்று போட்டால் வானொலிக் குழப்பம் குறையும். ஆனால் தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு அது விளங்குமோ தெரியவில்லை.

இராமசாமி:

அம்மா, இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். "விளம்பர எண்ணிக்கை வரம்பு" என்று போடுங்கள். செய்தித் தளங்களில் ஒரு பத்திக்கு நாலு விளம்பரம் போடுகிறார்கள், அதற்குக் கட்டாயம் ஒரு வரம்பு வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு மிக்சி வாங்கினேன். வாங்கி மூன்று வாரம் ஆகியும் அதே மிக்சி எந்தப் பக்கம் திறந்தாலும் வந்து நிற்கிறது. வீட்டில் அதில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறோம், போனில் "இன்னும் யோசிக்கிறீர்களா?" என்று கேட்கிறது. இந்த வரம்பு போட்டால் அது நிற்குமா?

கார்த்திக்:

ஐயா, இது பக்கத்துக்கு எத்தனை விளம்பரம் என்பதற்கான வரம்பு இல்லை, ஆளுக்கு எத்தனை தடவை என்பதற்கானது. வளர்மதி அக்கா, சொல் எதுவானாலும் கையேட்டில் எண்ணைப் போட்டுவிடுங்கள்: மூன்று. அமெரிக்காவில் விளம்பர ஆய்வாளர் ஹெர்பர்ட் க்ரூக்மன் 1972-லேயே மூன்று முறை போதும் என்று எழுதிவிட்டார். நாலாவது தடவையிலிருந்து எரிச்சல்தான்.

நசீர்:

கார்த்திக் சொல்வதில் பாதி சரி. க்ரூக்மன் எழுதியது தொலைக்காட்சி விளம்பரம் பற்றி. அவருடைய மூன்று, பார்ப்பவர் மனதில் நடக்கும் மூன்று கட்டங்கள்: "இது என்ன?", "இதனால் எனக்கென்ன?", மூன்றாவது வெறும் நினைவூட்டல். அதற்குப் பிறகு எத்தனை முறை பார்த்தாலும் அந்த மூன்றாவது கட்டமே திரும்ப வருகிறது என்பது அவர் வாதம். நாலாவது தடவையில் எரிச்சல் வரும் என்று அவர் சொல்லவில்லை. போனில் மூன்று முறை ஓரமாக ஓடிப்போன படம் முதல் கட்டத்தையே தாண்டாமல் இருக்கலாம்.

இராமசாமி ஐயாவின் மிக்சி வேறு கதை. அங்கே பிழை வரம்பில் இல்லை. வாங்கியவரைப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்கள். வாங்கி முடித்ததும் நன்றி சொல்லும் பக்கத்துக்கு வந்தவர்களைத் தனிப் பட்டியலாக்கி விலக்கியிருந்தால் முடிந்தது. நாளைக்கு ஒரு தடவை என்று வரம்பு போட்டிருந்தாலும் ஐயா மூன்று வாரத்தில் இருபத்தொரு முறை பார்த்திருப்பார், அத்தனையும் வீண். கையேட்டில் இந்த இரண்டையும் கலக்காதீர்கள்.

இப்போது எரிச்சல் எங்கே தொடங்குகிறது என்பதற்கு வருகிறேன், சொல்லும் அங்கேதான் கிடைக்கும். ஒரு கணக்குப் போடுவோம். கிரைண்டர் விற்கும் கடை ஒன்று. ஒரு வாரத்தில் 2,000 பேருக்கு 12,000 தடவை விளம்பரம் போயிருக்கிறது. அறிக்கையில் சராசரி 6 என்று வரும், கடைக்காரரும் நிம்மதியாக இருப்பார். உள்ளே பிரித்துப் பார்த்தால் 1,400 பேர் ஆளுக்கு 2 தடவைதான் பார்த்திருக்கிறார்கள். 400 பேர் ஆளுக்கு 5. மீதி 200 பேர் ஆளுக்கு 36 தடவை! நாள் முழுக்க இணையத்தில் இருப்பவர்கள் இவர்கள். செலவில் அறுபது சதவீதம் பத்தில் ஒரு பங்கு ஆட்களிடம் போகிறது, கடையைத் திட்டுவதும் அவர்கள்தான். இந்த வரம்பு சராசரியைக் குறைக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த 200 பேருக்காகப் போடுவது. அதனால் சொல்லில் "எண்ணிக்கை" மட்டும் இருந்தால் போதாது, "ஆள்" தெரிய வேண்டும்.

கார்த்திக்:

அண்ணா, அந்த 200 பேரில் வாங்கியவர் குறைவு என்று அறிக்கையில் தெரிந்தால் எரிச்சல் நிரூபணம் ஆகிவிட்டதே?

நசீர்:

இல்லை, அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம், நானும் சறுக்கியிருக்கிறேன். இரண்டாவது தடவையிலேயே வாங்கியவர் பட்டியலை விட்டுப் போய்விடுகிறார். 36 வரை போகிறவர் முதலிலிருந்தே வாங்கும் எண்ணம் இல்லாதவராக இருக்கலாம். சல்லடையில் கடைசியில் நிற்பது கப்பிதானே. உண்மை தெரிய வேண்டுமானால் பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் 4, மறுபாதிக்கு வாரம் 15 என்று வைத்து, மொத்த விற்பனையை ஒப்பிட வேண்டும். சிறிய கடையில் இதற்குப் போதுமான ஆட்கள் சேர மாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

அதுவரை நான் செய்வது இது. கூடையில் போட்டுவிட்டுப் போனவருக்கு முதல் மூன்று நாள், நாளைக்கு 3 தடவை. அதன்பின் பதினாலாம் நாள் வரை வாரத்துக்கு 3. பிறகு நிறுத்திவிடுவேன். மூன்று நாள் பட்டியல் ஒன்று, பதினாலு நாள் பட்டியல் ஒன்று, இரண்டாவதிலிருந்து முதலாவதை விலக்கினால் போதும். இது அனுபவ எண், விதி இல்லை. இதற்குள் ஓர் ஓட்டையும் உண்டு. பல இடங்களில் எண்ணுவது ஆளை இல்லை, உலாவியை. அலுவலகக் கணினியும் போனும் வேறு வேறு ஆளாகப் பதிவானால் 3 என்பது 6 ஆகிவிடும். இரண்டு விளம்பர நிறுவனங்கள் வழியாகப் போட்டாலும் இதே கதைதான், ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது.

சிவபாலன்:

அப்படியானால் என் மீடிறனைத் திரும்பப் பெறுகிறேன். "ஆள்வரம்பு" என்றால்? இல்லை, அது எத்தனை பேர் என்று பொருள் தரும்.

வளர்மதி:

"தடவை வரம்பு" என்று எழுதிப் பார்த்தேன். "ஒருவருக்கு வாரத் தடவை வரம்பு 3" என்றால் விளக்கமே தேவைப்படவில்லை. "முறை வரம்பு" என்றும் யோசித்தேன், ஆனால் "முறை" என்றதும் வழிமுறை வந்து குறுக்கே நிற்கிறது.

ரீடார்கெட்டிங்குக்கு "நினைவூட்டு விளம்பரம்" சரிவருமா? 2018-இல் கூகுள் இவற்றை முடக்கும் வசதி தந்தபோது அவர்களே நினைவூட்டல் என்ற பொருள்படத்தான் பெயர் வைத்தார்கள்.

நசீர்:

விற்பவருக்கு அது நினைவூட்டல், பார்ப்பவருக்குத் துரத்தல். நான் "பின்தொடர் விளம்பரம்" பக்கம். இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய சொல்.

இராமசாமி:

ஒரு சொல் விட்டுப்போயிற்று. தடவை கூடக்கூட முதலில் கண் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது, அது சலிப்பு. அப்புறம்தான் "இந்தக் கடையில் இனி வாங்கவே கூடாது" என்று தோன்றுகிறது. மிக்சி விஷயத்தில் எனக்கு இரண்டும் நடந்தது. அந்த நடு இடத்துக்கு "திகட்டல்" என்று வைக்கலாமே. பாயசம் பிடிக்காதவருக்குத் திகட்டாது, பிடித்துச் சாப்பிட்டவருக்குத்தான் திகட்டும்.

நசீர்:

ஐயா, இத்தனை வருடத்தில் எனக்கு இந்தச் சொல் தோன்றவில்லை. "திகட்டு நிலை" என்றே என் அடுத்த அறிக்கையில் எழுதப்போகிறேன். சலிப்பு வந்தால் படத்தை மாற்றிப் பார்க்கலாம், திகட்டிவிட்டால் நிறுத்த மட்டும்தான் முடியும்.

கார்த்திக்:

படத்தை மாற்றினால் திகட்டலும் போகும் என்றுதான் நான் நினைக்கிறேன். கடை அதேதானே என்பீர்கள். இதைத் தனி இழையில் பேசலாம்.

வளர்மதி:

"தடவை வரம்பு", "திகட்டல்" இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நினைவூட்டா பின்தொடரா என்பதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை கருத்துச் சொல்லுங்கள்.