புதுப்பிப்பு: பருப்பு, முட்டை, மீன் கணக்கு

நான் கேட்டிருந்தது: "தினமும் பருப்பு நிறைய சாப்பிடுகிறேன், புரதம் போதுமா? உடல் கொழுப்பு ஏன் குறையவில்லை?"

உணவியல் படித்த ஒருவர் முதலில் கேட்டது, "எடை போடுவது வேகவைத்த பிறகா, முன்பா?" என்றுதான். 100 கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் புரதம். வெந்த பருப்பு 100 கிராமில் 9 கிராம்தான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு, பருப்பில் மட்டும் 24 கிராம் புரதம் எடுத்தால் 350 கலோரி சேர்ந்துவிடும்.

இப்போது மதியத்துக்கு 50 கிராம் காய்ந்த பருப்பை வேகவைத்து, இரண்டு முட்டை சேர்க்கிறேன். அதே 24 கிராம், ஏறக்குறைய 315 கலோரி. முட்டைக்குப் பதில் கொழுப்பு குறைந்த வெள்ளை மீன் 60 கிராம் போட்டால் 230க்கு இறங்கும். தாளிக்கும் எண்ணெய் தனி. ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. எனக்கு இடித்தது அங்கேதான்.

"மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுங்கள்" என்றார் இன்னொருவர். கலோரி குறையும், உண்மை. ஆனால் முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான். காசு கொடுத்து வாங்கியதை எறிய மனமில்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ள ஒருவர் தனக்கும் இதே அளவா என்றார். அதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மீனா முட்டையா, எது அதிக நேரம் பசி தாங்கும் என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.