நவம்பர் விற்பனை சரிவு: பருவத்தைக் கழித்த பிறகும் தெரிகிறதே, உண்மையான சரிவா?

கடைக்கணக்கு: எங்கள் ஜவுளிக்கடையின் மாத விற்பனையை, 2022 ஜனவரி முதல், எக்செலில் பிரித்துப் பார்த்தேன். 12 மாத நகரும் சராசரியை போக்காக எடுத்து, ஒவ்வொரு மாதமும் அதைவிட எத்தனை மடங்கு என்று சராசரி போட்டேன். கடைசி மாதங்களுக்குப் போக்கை நீட்டிக்கொண்டேன். அதன்படி 2025 நவம்பரில் சுமார் 29 லட்சம் வர வேண்டும். வந்தது 24. முதலாளி பயந்துபோய் பொங்கல் சரக்கைக் குறைக்கச் சொல்கிறார்.

மழைக்காலம்: எங்கள் ஐஸ்கிரீம் கடையும் நவம்பரில் படுத்துவிடும். வடகிழக்குப் பருவமழைதான் காரணம், விடுங்கள்.

நேர்வழி: இவ்வளவு கணக்கு எதற்கு? போன வருட நவம்பரோடு ஒப்பிட்டால் போதும்.

கடைக்கணக்கு: மழை எல்லா வருடமும்தான் பெய்கிறது. போன நவம்பர் 25 லட்சம். அப்படிப் பார்த்தால் சரிவே இல்லை போலிருக்கிறது. அப்புறம் 29 எங்கிருந்து வந்தது?

எண்சுவடி: 2023இலிருந்து வந்திருக்கும். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12. 2022இல் அக்டோபர் 24, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. தீபாவளிக்கு முந்தைய 21 நாளை ஜவுளி சீசன் என்று வைத்தால், 2023இல் அதில் 11 நாள் நவம்பரில் விழுகிறது. மற்ற மூன்று வருடங்களில் ஒரு நாள்கூட இல்லை. இரண்டு விதமான நவம்பரையும் கலந்து சராசரி போட்டால் எதற்கும் பொருந்தாத எண்தான் வரும். போன வருடத்தோடு ஒப்பிடுவது இந்த முறை சரியாக அமைந்தது தற்செயல்; 2024 நவம்பரை 2023உடன் ஒப்பிட்டிருந்தால் அலறியிருப்பீர்கள். அக்டோபர், நவம்பர் இரண்டையும் போடுங்கள்.

கடைக்கணக்கு: (லட்சத்தில்)

```
2022   60 + 22 = 82
2023   46 + 41 = 87
2024   66 + 25 = 91
2025   69 + 24 = 93
```

எண்சுவடி: 2022, 2024 இரண்டிலும் கூட்டுத்தொகையில் நவம்பரின் பங்கு ஏறக்குறைய 27 சதவீதம். 93இல் அது 25 லட்சம். உங்களுக்கு வந்தது 24. அதைச் சரிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பிட இரண்டே நவம்பர்தான் இருக்கிறது, வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. கூட்டுத்தொகையின் வளர்ச்சி 6, 5, 2 சதவீதம் என்று தேய்கிறது. பருவத்தை விட்டுவிட்டு போக்கைப் பாருங்கள்.

நேர்வழி: விற்பனை ஜிஎஸ்டியோடு சேர்த்தா, இல்லாமலா? 2025 செப்டம்பர் 22 முதல் 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 வரை உள்ள ஆடைக்கு வரி 12இலிருந்து 5 சதவீதம் ஆனது. 1,500 ரூபாய் சட்டையின் பில் 1,680இலிருந்து 1,575 ஆகிறது. அதே எண்ணிக்கை விற்றாலும் தொகை குறையும்.

எண்சுவடி: இது நான் யோசிக்காதது. வரியைக் கழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கடைக்கணக்கு: வரியோடு சேர்த்த தொகைதான். எந்த விலைத் துணி எவ்வளவு போனது என்று பழைய பில்லில் பிரிக்கவில்லை. 2024க்கு முன்னால் உள்ளதைத் தோண்ட முடியுமா என்று பார்க்கிறேன்.