புதுப்பிப்பு: காரைக்குடி கடைத் திறப்பு முடிந்தது

முன்பு நான் கேட்டது: “வெள்ளிக்கிழமை கண்டாங்கிச் சேலைக் கடை திறக்கிறோம். 200 பேரையும் ஒரே நேரத்துக்கு அழைக்கலாமா?”

அழைக்கவில்லை. பதில் எழுதிய சமையல்கார அண்ணன் சொன்னபடி இரண்டாகப் பிரித்தோம். உறவுக்காரர்களுக்கு வீடு வீடாகப் போய் 9 மணி என்றோம். வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் 12 மணி. நடுவில் 10.30 முதல் ராகு காலம். அப்போது கடையையே சாத்தணும் என்றார் ஒரு நண்பர். பாதி சரி. விளக்கேற்றி முதல் போணி ராகு காலத்துக்கு முன்பே முடிந்தால் போதும், அப்புறம் பலகாரம் பரிமாறலாம் என்றார் ஆச்சி. மளிகைக்கடைத் திறப்பில் நாதஸ்வரம் தாமதமான கதையைச் சொன்னவருக்கும் நன்றி!

சறுக்கியது ஒன்று: காலையில் வந்தவர்கள் மதியச் சாப்பாடுவரை கிளம்பவில்லை. 12 மணிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். வெள்ளைப் பணியாரம் 11.40க்கே காலி. சாப்பாட்டுப் பந்தலைக் கடையிலிருந்து தள்ளிப் போட்டிருக்கலாமோ?