சமையலறை கேபினெட்டின் அடியில் டிராயர்: குடும்பக் குழுவில் பேசியது

ஹேமா: பன்னேர்கட்டா சாலை வீட்டில் மாடுலர் கிச்சன் வேலை தொடங்கிவிட்டது. கீழ்க் கேபினெட்டுகளின் அடியில், நிற்கும்போது கால்விரல் நுழைகிற 4 அங்குல இடைவெளியிலும் டிராயர் செய்து தருவதாகத் தச்சர் சொல்கிறார். செய்யலாமா, மாமா?

சுந்தர் மாமா: செய்யலாம் ஹேமா, ஆனால் அந்த 100 மி.மீ. முழுவதும் உனக்குக் கிடைக்காது. தரை துடைக்கும் ஈரம் படாமலிருக்கக் கீழே 12 மி.மீ., அடிப்பலகைக்கு 9 மி.மீ., மேலே உரசாமலிருக்க 5 மி.மீ. விட்டால், உள்ளே 74 மி.மீ. மிஞ்சும். தாம்பாளம், கேக் தட்டு, தனித்தனியாகக் கழற்றிய இட்லித் தட்டு ஆகியவை அதில் அடங்கும். குக்கரும் வாணலியும் நுழையாது.

பிரபு: கேபினெட்டின் கால்களை 150 மி.மீ. ஆக்கிவிட்டால் போதுமே, மாமா?

சுந்தர் மாமா: டிராயருக்கு உயரம் கூடும் என்பது சரிதான். ஆனால் கேபினெட்டை அதே அளவு குறைக்காவிட்டால் மேடையும் 2 அங்குலம் உயர்ந்துவிடும். உயரம் குறைவான உன் அத்தை தோளைத் தூக்கிக்கொண்டுதான் காய் நறுக்க வேண்டியிருக்கும்.

விஜயா சித்தி: எங்கள் ஜெயநகர் வீட்டு மேடைக்கு அடியிலும் இப்படிச் செய்ய முடியுமா, அண்ணா?

சுந்தர் மாமா: உங்கள் வீட்டில் கேபினெட்டுகள் சிமென்ட் திண்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, விஜயா. உள்ளே வெற்றிடமே இல்லாததால் அதை உடைக்க நினைக்காதே.

ஹேமா, நீ கவனிக்க வேண்டியது கால்களைத்தான். கிரானைட்டின் எடை கேபினெட் வழியாக அந்தப் பிளாஸ்டிக் கால்களில்தான் இறங்குகிறது. டிராயரை அகலமாக்குவதற்காக முன்காலை எடுத்துவிட்டு வேறு தாங்கல் கொடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கேபினெட் மெல்லத் தொய்யும். மேலுள்ள இரண்டு கதவுகளுக்கு இடையிலான இடைவெளி ஒரு முனையில் அகன்று, மறுமுனையில் குறுகுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கால்களுக்கு நடுவே தனிச் சட்டம் அமைத்து, டிராயர் சறுக்கி ஓடும் சேனலை அந்தச் சட்டத்தில்தான் பொருத்த வேண்டும்.

பிரபு: தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் செய்தால் சிங்க்கின் அடியிலும் வைக்கலாம் அல்லவா?

சுந்தர் மாமா: பலகை தாங்கும், பிரபு, இரும்புச் சேனல் துருப்பிடிக்கும். அதோடு சிங்க்கின் கழிவுக்குழாய் பெரும்பாலும் அவ்வழியாகத்தான் போகிறது. அங்கே கழற்றி மாட்டும் ஸ்கர்டிங் பட்டையை மட்டும் வைத்தால், கசிவைக் குனிந்தவுடன் பார்க்கலாம். கேஸ் சிலிண்டர் இருக்கும் பக்கத்தையும் மூட வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தங்கிவிடும்.

ஹேமா: அப்படியானால் சிங்க்குக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள 600 மி.மீ. கேபினெட்டுக்கு மட்டும் சொல்கிறேன். உள்ளே கரப்பான் வந்தால் எப்படிச் சுத்தம் செய்வது?

சுந்தர் மாமா: டிராயரை முழுவதும் இழுத்தால் இரு பக்கச் சேனலிலும் சிறிய கறுப்பு நெம்பு தெரியும். பொதுவாக ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அழுத்தினால் டிராயர் கையோடு வந்துவிடும். அதற்கு எதிரே இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்து பார்.

விஜயா சித்தி: முழங்கால் வலியுள்ள உன் அம்மா அவ்வளவு கீழே குனிவாளா, ஹேமா?

ஹேமா: காலால் தள்ளினால் திறக்கும் பூட்டு வைக்கலாமென்று தச்சர் சொன்னார், சித்தி. ஆனால் தட்டை எடுக்கக் குனிந்துதானே ஆக வேண்டும்? அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.